கைக்கு வரும் 21,000-ஆ, பிஎஃபோடு வரும் 18,050-ஆ?

கேள்வி: வயசு 28. மதுரை கப்பலூர்ல ஒரு கம்பெனில சம்பளம் 20,000 (பேசிக், டிஏ மட்டும் 15,000). பிடித்தம் போக கைக்கு 18,050. மாசி வீதில ஒரு மொத்தக் கடையில சுளையா 21,000, பிஎஃப் கிடையாது. நம்ம காசையே பிடிச்சு வச்சு நமக்கே திருப்பித் தர்றதுக்காக மாசம் மூவாயிரத்தை விடணுமா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. பிடிக்கப்படும் 1,800 ரூபாய் உங்கள் காசுதான். ஆனால் அதே மாதம் கம்பெனி தன் கையிலிருந்து கட்டும் காசு ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் பெரும்பாலும் அது தெரியாது, அதனால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனியும் 1,800 கட்டியாக வேண்டும். அந்தப் பணம் முழுதும் உங்கள் பிஎஃப் கணக்குக்குப் போவதில்லை. 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 1995-இல் வந்த இந்தத் திட்டத்தைத்தான் இபிஎஸ் என்கிறார்கள். மீதி 550 ரூபாய் உங்கள் பிஎஃபில் சேர்கிறது. இதற்கு மேல் அரை சதவீதம், 75 ரூபாய், உங்கள் பெயரில் ஆயுள் காப்பீட்டுக்கு. அதற்கு இடிஎல்ஐ என்று பெயர். அதில் உங்கள் பங்கு ஒரு பைசாகூட இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி மாதாமாதம் கட்டுவது அல்ல, ஆனாலும் ஒவ்வொரு மாதமும் கம்பெனியின் தலையில் ஏறும் கடன்தான். உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் 720 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். இஎஸ்ஐக்கு உங்களிடம் 150 பிடிக்கிறார்கள், கம்பெனி 650 கட்டுகிறது. அது வைத்தியத்துக்கான பணம், ஓய்வுக்காலத்துக்கானது அல்ல என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். அதை விட்டுப் பார்த்தாலும் 20,000-க்கு மேலே கம்பெனி செலவழிப்பது மாதம் ஏறத்தாழ 2,600 ரூபாய். ஆக நீங்கள் ஒப்பிட வேண்டியது 18,050-ஐயும் 21,000-ஐயும் அல்ல, 22,600-ஐயும் 21,000-ஐயும்.

ஒரு எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்ல முடியும். ஆஃபர் லெட்டரில் 20,000 என்பது சம்பளமா, சிடிசியா, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவா என்று பாருங்கள். சிடிசி என்றால் கம்பெனியின் 1,800-ஐயும் கிராஜுவிட்டியையும் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். அப்போது கைக்கு 18,050 வராது, மேலே போட்ட கணக்கும் நிற்காது. நீங்கள் கைக்கு 18,050 என்று எழுதியிருப்பதால் 20,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்தான் என்று கொள்கிறேன். 20,000-இலிருந்து 1,800-ம் 150-ம் போனால் சரியாக 18,050 வருகிறது.

இப்போது உங்கள் வாதத்துக்கு வருவோம். கடையில் சேர்கிறீர்கள், கூடுதலாக வரும் 2,950 ரூபாயை மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் தபால் நிலையத்தில் பிபிஎஃப் கணக்கில் போட்டுவிடுகிறீர்கள், 58 வயது வரை ஒரு மாதம்கூடத் தவறுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 7.1 சதவீத வட்டி அப்படியே நீடித்தால் முப்பது ஆண்டில் 35 லட்சத்துச் சொச்சம் சேரும். கப்பலூரில் உங்கள் 1,800-ம் கம்பெனியின் 550-ம் சேர்ந்து மாதம் 2,350 பிஎஃபுக்குப் போகிறது. பிஎஃப் வட்டி 2023-24-க்கும் 2024-25-க்கும் 8.25 சதவீதம். அது நீடித்தால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், முப்பது ஆண்டில் 34 லட்சத்து 70 ஆயிரம் வரும். கிட்டத்தட்ட சமம். வெறும் சேமிப்பாக மட்டும் பார்த்தால், ஒழுங்காகச் சேமிக்கத் தெரிந்தவருக்குக் கடை ஒன்றும் நஷ்டமில்லை. பிஎஃப் என்றாலே லாபம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இரண்டு வட்டியும் அரசு அவ்வப்போது அறிவிப்பதுதான், முப்பது ஆண்டுக்கு எதுவும் நிச்சயமில்லை. நான் சொன்ன தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 35 லட்சத்துக்கு எதிரே 34 லட்சத்து 70 ஆயிரத்தை நிறுத்தியபோது, கம்பெனி கட்டிய 1,250-ஐயும் 75-ஐயும் கிராஜுவிட்டியையும் நாம் இன்னும் தொடவே இல்லை. அவை மூன்றும் இந்தச் சமக்கணக்குக்கு மேலே வருபவை.

ஓய்வூதியத்தின் சூத்திரம் எளிது. கடைசி 60 மாதத்தின் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000; 2014 செப்டம்பரிலிருந்து அது அப்படியே நிற்கிறது. இருபது ஆண்டு முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு 30-உடன் 2 சேர்த்து 32. 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 6,857 ரூபாய், 58 வயதிலிருந்து உயிர் உள்ளவரை. உங்களுக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேர் வரை 25 வயதாகும் மட்டும் தனியே உண்டு. ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டு மாதம் 6,857 எடுக்க வேண்டுமானால் 11 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயை அங்கே முடக்க வேண்டும். வங்கியில் அந்த முதல் உங்களுக்கே மிஞ்சும், இபிஎஸ்ஸில் மிஞ்சாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறுவதில்லை. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் விலை ஏறினால், முப்பது ஆண்டு கழித்து வரும் 6,857 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 1,600 ரூபாய்க்குள்தான். மாதத்துக்கு அரிசியும் காஸ் சிலிண்டரும் வாங்கலாம், வீட்டு வாடகை கட்ட முடியாது. 15,000 என்ற வரம்பை அரசு உயர்த்தினால் ஓய்வூதியமும் கூடும், ஆனால் உயரும் என்று நம்பி இன்றைய முடிவை எடுக்கக் கூடாது.

என் பார்வையில் 28 வயதில் இந்த ஏற்பாட்டின் பெரிய மதிப்பு 58-க்குப் பிறகு வருவதில் இல்லை. நடுவில் ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதில் இருக்கிறது. ரிங் ரோட்டில் தினமும் பைக்கில் கப்பலூர் போய் வருகிறவருக்கு இது வெறும் பேச்சல்ல. உங்கள் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும், ஆனால் வேலையில் இருக்கும்போது இறந்தால் விதவை ஓய்வூதியத்துக்கு அது தேவையில்லை. ஒரு மாதப் பங்கு கட்டப்பட்டிருந்தாலே போதும். குறைந்தபட்சம் மாதம் 1,000, சேவைக்கும் சம்பளத்துக்கும் ஏற்பக் கூடும். கூடவே இடிஎல்ஐ. சராசரிச் சம்பளத்தைப்போல 35 மடங்கு, அதாவது 15,000-க்கு 5 லட்சத்து 25 ஆயிரம், அதனுடன் உங்கள் பிஎஃப் இருப்பின் சராசரியில் பாதி. அந்தப் பாதி 1 லட்சத்து 75 ஆயிரத்தைத் தாண்டாது, மொத்தம் 7 லட்சத்தைத் தாண்டாது. நீங்கள் சொல்லும் சம்பளத்தில் பத்தாண்டுக்குள் இந்த உச்சத்தைத் தொட்டுவிடுவீர்கள். சேர்ந்து ஓராண்டு நிறையாதவர்களுக்கு இந்தக் கணக்கு இப்படியே வராது, குறையும். கடையில் இதற்கு ஈடாக ஒன்று வேண்டுமென்றால் 2,950-இலிருந்து நீங்களே டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், அதையும் பிபிஎஃபில் போடும் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

கிராஜுவிட்டியில் ஒரு நுணுக்கம். கடைசியாக வாங்கிய பேசிக், டிஏவை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வந்துவிடும். 15,000-இலேயே நின்றால் முப்பது ஆண்டுக்கு 2 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் கணக்கில் வருவது கடைசிச் சம்பளம். முப்பதாவது ஆண்டில் பேசிக் 30,000 ஆகியிருந்தால், நீங்கள் 15,000 வாங்கிய ஆண்டுகளுக்கும் 30,000-ஐ வைத்தே கணக்கிடுவார்கள், தொகை இரட்டிப்பாகும். பிஎஃபுக்கு இந்தக் குணம் கிடையாது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டுத் தொடர்சேவை வேண்டும் என்பதுதான் இதில் கண்ணி. மூன்று நான்கு ஆண்டில் மாறிக்கொண்டே இருப்பவருக்கு ஆஃபர் லெட்டரில் எழுதிய கிராஜுவிட்டி காகிதத்திலேயே நின்றுவிடும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டிலேயே இது உண்டு. அதனால் உங்கள் ஆர்டர் நிரந்தரமா, ஒப்பந்தமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைப் பக்கம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பத்துப் பேர் இருந்தால் கடை முதலாளிக்கும் கிராஜுவிட்டிக் கடமை உண்டு. இருபது பேர் இருந்தால் கடை பிஎஃப் சட்டத்துக்குள் வந்துவிடும், 15,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பிஎஃப் கட்டியே ஆக வேண்டும், “எங்க கடையில அதெல்லாம் இல்லை” என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சட்டம் இருந்தும் நடைமுறையில் தொழிலாளி தோற்பது சாட்சியம் இல்லாததால்தான். சம்பளம் கவரில் வரும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது, பதினைந்து ஆண்டு கழித்து “இவர் இங்கே வேலை பார்த்தாரா?” என்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். கடையைத் தேர்ந்தெடுத்தால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த ஸ்டேட்மென்ட் ஒன்றே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

கப்பலூரைத் தேர்ந்தெடுத்தால் வேறு விதமாக ஏமாறலாம். அடிக்கடி நடப்பது சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது. உங்களிடம் 15,000 பேசிக் என்று சொல்லிவிட்டு, பிஎஃபுக்கு மட்டும் 9,000 காட்டி, மீதியை அலவன்ஸ் என்று பெயர் மாற்றுவார்கள். கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவதால் தொழிலாளியும் சந்தோஷப்படுவார். 9,000-க்கு ஓய்வூதியம் 6,857 அல்ல, 4,114 ரூபாய்தான். எல்லோருக்கும் ஒரேபோல் தரும் அலவன்ஸை இப்படிப் பிரித்து ஒளிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத் தொகுப்பும் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதைச் சம்பளமாகவே கணக்கிடச் சொல்கிறது.

இதைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சேர்ந்த மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி பணம் கட்ட வேண்டும். அதற்குச் சில நாள் கழித்து `passbook.epfindia.gov.in` தளத்திலோ உமங் செயலியிலோ பாஸ்புக்கைத் திறந்து, ஒரு மாத வரியைப் பாருங்கள். உங்கள் பங்கு 1,800, கம்பெனியின் பங்கு 550, ஓய்வூதியம் 1,250 என்று மூன்று எண்கள் இருக்க வேண்டும். 1,080, 330, 750 என்று இருந்தால் 9,000-க்குத்தான் கட்டுகிறார்கள். வரியே இல்லாமல் சீட்டில் மட்டும் பிடித்தம் இருந்தால், பிடித்த பணத்தைக் கட்டவில்லை. ஓய்வூதியம் பூஜ்யம், கம்பெனிப் பங்கு 1,800 என்று இருந்தால் உங்களை இபிஎஸ்ஸில் சேர்க்கவில்லை. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாகப் பிஎஃபில் சேருகிறவரின் பிஎஃப் சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தால் அப்படித்தான் வரும். சரியாக 15,000 இருக்கும் உங்களுக்கு அப்படி வரக் கூடாது. சேரும் மாதத்திலேயே பேசிக்கை 15,500 ஆக்கிக் கொடுத்தால் ஓய்வூதியக் கதவு மூடிவிடும் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சேர்ந்த பிறகு சம்பளம் எவ்வளவு ஏறினாலும் உள்ளேதான் இருப்பீர்கள்.

கம்பெனி செய்யும் தப்பைவிட நாமே செய்துகொள்ளும் தப்பு பெரியது. கப்பலூரில் ஐந்து ஆண்டு முடித்து வேறு இடத்துக்குப் போகிறீர்கள். கல்யாணச் செலவு, கையில் காசில்லை, பிஎஃபை எடுக்கிறீர்கள். கூடவே படிவம் 10சி போட்டு ஓய்வூதியப் பணத்தையும் வாங்கிவிடுகிறீர்கள். கம்பெனி அந்த ஐந்து ஆண்டில் கட்டியது 75,000. உங்களுக்கு வருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான், வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமிருக்காது. பதிலுக்கு ஐந்து ஆண்டுச் சேவை அழிந்துவிடும். 58-இல் மாதம் 1,071 ரூபாய் குறையும். அடுத்த கம்பெனியில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஓய்வூதியத்துக்கான பத்து ஆண்டும் அங்கிருந்துதான். காசு தேவை என்றால் பிஎஃபிலிருந்து முன்பணம் எடுங்கள், 10சியை மட்டும் தொடாதீர்கள். புது வேலைக்கு வந்ததும் உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான பழைய யுஏஎன் எண்ணையே கொடுத்து, தளத்தில் `One Member - One EPF Account (Transfer Request)` வழியாகக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பகுதி பூஜ்யம் என்று காட்டும், பலர் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். ஓய்வூதியத்தில் பணம் மாறுவதில்லை, சேவைக் காலம்தான் மாறுகிறது. அது சரியாக ஏறியிருக்கிறதா என்று `Service History` பக்கத்தில் பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால் மாற்றம் நகராது. நம் ஊரில் அதைவிடப் பெரிய தடை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் விரிவாக இருக்கும், கம்பெனி கணக்கில் முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும், பான் கார்டில் இன்னொரு விதம். சேரும் நாளிலேயே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. விலகிய பிறகு திருத்துவதென்றால் சில நேரம் பழைய கம்பெனியின் ஒப்புதலுக்கு அலைய வேண்டியும் வரலாம். சொக்கிகுளத்தில் லேடி டோக் கல்லூரி சாலையில் இருக்கும் பிஎஃப் மண்டல அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் யுஏஎன், ஆதார், சம்பளச் சீட்டுகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் குறைதீர் முகாமும் நடத்துகிறார்கள்.

நாமினேஷனையும் விட்டுவிடாதீர்கள். இன்று திருமணமாகவில்லை என்று அம்மா பெயரைப் போட்டிருந்தால், திருமணம் ஆன நாளில் அது செல்லாததாகிவிடும். மனைவி பெயரில் புதிதாகப் பதிய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் கடைக்குப் போகச் சொல்வேன், இரண்டு நிலையில் மட்டும். ஒன்று, மூணு வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தால். மாதம் நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். அதை அடைக்காமல் 8.25-க்குச் சேமிப்பது கணக்குக்கு ஒவ்வாது, 2,950-ஐக் கொண்டு முதலில் கடனை அடையுங்கள். இன்னொன்று, ஓரிரு ஆண்டில் சொந்தமாகக் கடை வைக்கத் தொழில் கற்றுக்கொள்ளத்தான் மாசி வீதிக்குப் போகிறீர்கள் என்றால். இரண்டும் இல்லையென்றால் கப்பலூரில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: பிஎஃப் எந்தச் சம்பளத்துக்குக் கட்டுவீர்கள், கம்பெனியின் பங்கு 20,000-க்கு உள்ளேயா வெளியேயா, ஆர்டர் நிரந்தரமா ஒப்பந்தமா. முதல் பதில் 15,000-க்குக் கீழே வந்தால் இங்கே போட்ட ஓய்வூதிய, காப்பீட்டுக் கணக்குகளை அந்த எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.